ஸ்வைப் செய்தால் "பத்து" எல்லாம் "பட்டு" ஆகிறது, என்ன செய்வது?

கைத்தறி வீடு (சிறுமுகை)

வணக்கமுங்க. நாங்கள் சிறுமுகையில் சாப்ட் சில்க் சேலை நெய்து, ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில் எடுக்கிறோம். ஒரு நாளைக்கு நூறு மெசேஜுக்கு மேல் பதில் போட வேண்டும். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக் கட்டைவிரல் வலிக்கிறது. பையன் ஜிபோர்டு கீபோர்டில் ஸ்வைப்பை ஆன் செய்து கொடுத்தான், விரலை எடுக்காமல் எழுத்துகள் மேல் இழுத்தால் வார்த்தை வரும். இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் தமிழ் வரும் அமைப்புதான் வைத்திருக்கிறேன்.

பெரிய வார்த்தை ஓரளவு வருகிறது. சின்ன வார்த்தைதான் காலை வாருகிறது. போன வாரம் ஒரு தறிக்காரருக்கு "பத்து சேலை அனுப்புங்க" என்று போட நினைத்து, "பட்டு சேலை அனுப்புங்க" என்று போய்விட்டது. எத்தனை என்று தெரியாமல் அவர் மூன்று மட்டும் கொடுத்துவிட்டார். கோயம்புத்தூர் வாடிக்கையாளருக்குச் சொன்ன தேதிக்கு அனுப்ப முடியவில்லை. நான் விரலை இழுப்பது தப்பா, இல்லை தமிழுக்கு இது ஒத்து வராதா?

கோபி தம்பி

அக்கா, நீங்கள் வேகமாக இழுக்கிறீர்கள். இரட்டை எழுத்து வரும் இடத்தில் விரலை அந்த எழுத்து மேலேயே ஒரு சுற்று சுற்றுங்கள், அப்போதுதான் இரண்டு t என்று அதற்குத் தெரியும். நான் பத்து வருஷமாக அப்படித்தான் செய்கிறேன்.

காங்கேயத்தான்

இங்கிலீஷில் மெசேஜ் போடுவதற்கு ஸ்வைப் அருமையாக இருக்குமுங்க. நான் தேங்காய்ப் பருப்பு லோடு விவரமெல்லாம் அதில்தான் போடுகிறேன். "load reached" என்று இரண்டு இழுப்பில் முடிந்துவிடும். நீங்களும் இங்கிலீஷிலேயே போட்டுவிடுங்களேன்.

கைத்தறி வீடு (சிறுமுகை)

அண்ணா, எங்கள் தறிக்காரர்களுக்குத் தமிழ்தானுங்க படிக்க வரும். தம்பி, சுற்றிப் பார்த்தேன். பத்து தடவையில் நான்கு தடவை "பாட்டு" வந்தது.

பழைய கீபோர்டு (ஈரோடு)

தம்பி சொன்ன சுற்று, ஸ்வைப் (Swype) என்ற பழைய கீபோர்டில் இருந்த வழி. இரட்டை எழுத்துக்கு அதில் அப்படித்தான் கிறுக்க வேண்டும். அந்த கீபோர்டை 2018இல் நிறுத்திவிட்டார்கள். ஜிபோர்டில் அதை நம்ப வேண்டாம்.

அக்கா, உங்கள் விரலில் தப்பே இல்லை. விரல் போடும் கோடு எந்த எழுத்துகளைத் தொட்டுத் திரும்புகிறது என்றுதான் கீபோர்டு பார்க்கிறது. ஒரே எழுத்தை இரண்டு தடவை தொட்டாலும் கோடு ஒன்றுதான். "pattu" என்று நினைத்து இழுத்தாலும் "paattu" என்று நினைத்து இழுத்தாலும் விரல் போவது p, a, t, u என்ற ஒரே தடம். படு, பாடு, பட்டு, பாட்டு, பத்து எல்லாம் அந்த ஒரு கோட்டுக்குள் அடங்கிவிடும். குறிலா நெடிலா, ஒற்றையா இரட்டையா என்பதில்தான் நம் மொழியில் அர்த்தமே மாறுகிறது, அந்த இரண்டும் கோட்டில் விழுவதில்லை. இங்கிலீஷிலும் இரட்டை எழுத்து மறையும், ஆனால் அதனால் இரண்டு வார்த்தை மோதுவது குறைவு. அதனால்தான் காங்கேயத்து அண்ணனுக்குத் தொல்லை தெரியவில்லை.

இதைச் சரிசெய்ய, கோட்டின் வடிவத்தையே மாற்ற வேண்டும். "பத்து" என்பதற்கு எப்போதும் "paththu" என்று இழுங்கள். t மேல் வரிசையில் இருக்கிறது, h அதற்குக் கீழ் வரிசையில். விரல் t-யிலிருந்து கீழே இறங்கி, திரும்ப t-க்கு ஏறி, மறுபடி h-க்கு இறங்கி u-வுக்குப் போகும். அந்த வளைவு "பட்டு"வில் இல்லை. அதே மாதிரி, "பட்டு" தனியாக வேண்டாம், "பட்டுச்சேலை" என்று ஒரே வார்த்தையாக இழுங்கள். சின்ன வார்த்தை சுலபம் என்று நினைப்போம், ஆனால் ஸ்வைப்பில் கோடு நீளமானால் அதே வடிவம் உள்ள வேறு வார்த்தை குறையும். நான் நான்கு எழுத்துக்குக் குறைவானதைத் தட்டிவிடுவேன், நீளமானதை மட்டும் இழுப்பேன். இரண்டையும் ஒரே மெசேஜில் கலக்கலாம், எதையும் மாற்றி வைக்க வேண்டியதில்லை.

எண்ணிக்கைக்கு மட்டும் என் பேச்சைக் கேளுங்கள்: வார்த்தையே வேண்டாம், 10 என்று தட்டுங்கள். அமைப்பில் "Number row" ஆன் செய்தால் எண்கள் மேலேயே இருக்கும்.

நெசவு மகள்

அப்போ "கூலி" எப்படிங்க? எனக்கு அதே தொல்லை. "kooli" என்று இழுத்தால் கோழி, கோலி என்று வருகிறது.

பழைய கீபோர்டு (ஈரோடு)

"kuuli" என்று இழுத்தால் o இல்லாமல் போகும், அதனால் கோழி விலகிவிடும். ஆனால் குளி, குழி கூடவே நிற்கும். மேலே வரும் பட்டையில் பார்த்துத் தொட வேண்டியதுதான். இதற்கு முழுதாக வழி கிடைக்கவில்லை எனக்கும்.

இன்னொன்று. "சேலைக்கு" என்று வேண்டுமானால் முழுவதையும் ஒரே இழுப்பில் எழுதுங்கள். "சேலை"யை இழுத்துவிட்டு "க்கு"வைச் சேர்த்தால் நடுவில் இடம் விழுந்து "சேலை க்கு" என்று போகும். தப்பாக வந்தால் ஒரு எழுத்தாக அழிக்க வேண்டாம், இழுத்த உடனே அழிக்கும் பட்டனை ஒரு தட்டு தட்டினால் அந்த வார்த்தை முழுசாகப் போய்விடும்.

தட்டுவதே மேல்

நான் தமிழ் எழுத்து இருக்கும் அமைப்பிலேயே தட்டுகிறேன். ட்டு வேறு, த்து வேறு, குழப்பமே இல்லை. மெதுவாகத்தான் இருக்கும், ஆனால் திருத்தும் நேரத்தையும் கணக்குப் பண்ணிப் பாருங்கள்.

பழைய கீபோர்டு (ஈரோடு)

கணக்கு, பொருள், ஊர் பெயர் போடுகிறவர்களுக்கு அது சரிதான், மறுக்க மாட்டேன். "அனுப்போணும்", "வந்துருமுங்க" மாதிரி நம் ஊர்ப் பேச்சும் இழுத்தால் லேசில் வராது, அகராதியில் இல்லாததைக் கோட்டிலிருந்து ஊகிப்பது கஷ்டம். அதை முதலில் தட்டித் தட்டிப் பழக்க வேண்டும்.

கைத்தறி வீடு (சிறுமுகை)

ஐந்து நாள் ஆச்சுங்க. "paththu" போட்டதும் பத்து சரியாக வருகிறது, ஆனாலும் எண்ணிக்கையை 10 என்றே தட்டிவிடுகிறேன். "பட்டுச்சேலை" முதல் நாள் வரவேயில்லை, மூன்று நான்கு தடவை தட்டிப் போட்ட பிறகு இழுப்பிலும் முதலிலேயே வந்தது. "அனுப்போணும்" இன்னும் வரவில்லை. "கூலி"யைத் தட்டுகிறேன்.

ஒரு சந்தேகம். சில சமயம் நீளமாக இழுக்கும்போது பாதி வார்த்தை மட்டும் வருகிறது. மத்தியானம் தறியை விட்டு எழுந்து வந்ததும் அதிகம். இதுவும் அகராதித் தொல்லையா?

பழைய கீபோர்டு (ஈரோடு)

அது வேறு மாதிரி தெரியுது அக்கா. "Glide typing" அமைப்பில் "Show gesture trail" ஆன் செய்து, விரலுக்குப் பின்னால் வரும் கோட்டைப் பாருங்கள். கோடு முழுசாக இருந்து வார்த்தை தப்பினால் அகராதி. கோடே நடுவில் அறுந்தால் திரை விரலை இழக்கிறது, ஸ்கிரீன் கார்டோ விரலில் ஒட்டிய தூசியோ காரணமாக இருக்கலாம். கை துடைத்துவிட்டு ஒரு தடவை, துடைக்காமல் ஒரு தடவை இழுத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

கைத்தறி வீடு (சிறுமுகை)

கோடு அறுகிறதுங்க. துடைத்தால் குறைகிறது, ஆனால் முழுசாக நிற்கவில்லை. நாளைக்குக் கார்டைக் கழற்றிவிட்டுப் பார்க்கிறேன்.