காசு வாங்கவில்லை, சாப்பாடு இலவசம்: paid promotion போடவேண்டுமா?

கோண்டாவில் கமரா

நல்லூர்ப் பக்கம் புதிதாகத் திறந்த சாப்பாட்டுக் கடை ஒன்றுக்கு வீடியோ செய்தேன். காசு பேசவில்லை. எங்கள் ஆட்களுக்கு ஒடியல் கூழும் நண்டுக் கறியும் இலவசம், அதற்குப் பதிலாக ஒரு வீடியோ என்பதுதான் பேச்சு. யூரியூப்பில் ஏற்றும்போது paid promotion பெட்டியில் ரிக் போட்டேன். வீடியோவின் மேல் மூலையில் Includes paid promotion என்று வந்ததைக் கண்டு முதலாளி உடனே போன் எடுத்தார். "தம்பி, நான் ஒரு சதமும் தரேல்லையே! சனம் என்ன நினைக்கும்? எடுத்துவிடும்." நான் எடுக்கவில்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

சாவகச்சேரி ரைடர்

எடுத்துவிடுங்கள் அண்ணா. காசு கைமாறினால்தானே பெயிட்? அதோடு ரிக் போட்டால் விளம்பர வருமானம் நின்றுவிடும். எனக்குத் தெரிந்த பொடியன்கள் ஒருவரும் போடுவதில்லை.

மானிப்பாய் அக்கா

தம்பி ரைடர், இரண்டுமே சரியில்லை. வீடியோவில் காட்டுவதற்காகப் பொருளை இலவசமாகத் தந்தாலும் யூரியூப்பின் கணக்கில் அது paid product placementதான். கூழும் அதற்குள் வரும். வருமானமும் நிற்காது, வழமைபோல விளம்பரம் ஓடும். உங்கள் வீடியோவுக்குக் காசு தந்த கம்பனிக்குப் போட்டியானவரின் விளம்பரம் வந்தால், யூரியூப் அதற்குப் பதிலாக வேறொன்றைப் போடக்கூடும், அவ்வளவுதான். ஒரு விசயத்தில் மட்டும் உண்மையாகவே இழப்பு இருக்கிறது: ரிக் போட்ட வீடியோ YouTube Kids பக்கம் போகாது. சின்னப்பிள்ளைகளின் சனல் வைத்திருப்பவர்கள் அதை யோசிக்கவேண்டும், சாப்பாட்டுக் கடை வீடியோவுக்கு அது ஒரு பொருட்டில்லை.

உரும்பிராய் மாமி

நான் Studioவில் Promote அமத்தி, மகனின் கார்ட்டால் காசும் கட்டினேன் பிள்ளையள். எனக்கு அந்த எழுத்து வரவே இல்லையே?

மானிப்பாய் அக்கா

மாமி, அது நீங்கள் யூரியூப்புக்குக் காசு கட்டி உங்கள் வீடியோவை ஆட்களுக்குக் காட்டுவது. இங்கே பேசுவது மற்றவர் உங்களுக்கு ஏதாவது தந்து, தன் பொருளைப் பற்றிச் சொல்ல வைப்பதை. உங்களுடைய மிளகாய்த்தூளைத்தானே காட்டுகிறீர்கள்? கம்பனி எதுவும் தந்து செய்வித்தால் மட்டும் இப்படிச் செய்யுங்கள்.

கணினியில் Studioவைத் திறந்து, Content போய், வீடியோவின் Details பக்கத்துக்கு வாருங்கள். தலைப்பு, விளக்கம் எல்லாவற்றையும் தாண்டிக் கீழே Show more என்று இருக்கும். அதை அமத்தாமல் பெட்டி கண்ணில் படாது, பலர் தேடித் தோற்பது அங்கேதான். அமத்தினால் Paid promotion பகுதி வரும். ரிக் போட்டு Save. போனில் ஏற்றுபவர்களுக்கு விபரம் நிரப்பும் பக்கத்திலேயே Add paid promotion label இருக்கும். பழைய வீடியோவுக்கும் பிறகு போடலாம், திரும்ப ஏற்றத் தேவையில்லை.

திருநெல்வேலி பார்வையாளர்

பார்க்கிறவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன். அந்த எழுத்து முதல் 10 வினாடிதான் நிற்கிறது. யார் தந்தது, எவ்வளவு, எந்த இடத்தில் விளம்பரம் வருகிறது என்று ஒன்றுமே சொல்லாது. அமத்தினால் கடையின் பெயர் வருமென்று நினைத்தேன். வந்தது யூரியூப்பின் பொது விளக்கப் பக்கம். எட்டாவது நிமிடத்தில் ஒரு போனைப் புகழ்ந்தால், எழுத்து போய் எவ்வளவு நேரம்! நடுவிலிருந்து பார்ப்பவருக்கு அதுவும் இல்லை. அந்த 10 வினாடியை நம்பிக் காசு செலவழிக்க நான் தயாரில்லை.

கோண்டாவில் கமரா

அது உண்மை. அதனால்தான் கடைக்குள் நுழையும் காட்சியிலேயே "இண்டைக்குச் சாப்பாடு கடைக்காரர் தந்தது" என்று வாயால் சொல்லியிருக்கிறேன், விளக்கத்தின் முதல் வரியிலும் எழுதியிருக்கிறேன். இன்னொன்றும் கண்டேன்: நண்டை உடைக்கிற துண்டை மட்டும் யாரோ வெட்டி வட்சப்பில் அனுப்பியிருந்தார்கள். அதில் எழுத்தும் இல்லை, நான் சொன்னதும் இல்லை.

மானிப்பாய் அக்கா

அந்த எழுத்து யூரியூப் பிளேயர் போடுவது, உங்கள் வீடியோவுக்குள் பதிவதில்லை. நீங்களே பேஸ்புக்கிலோ ரிக்ரொக்கிலோ போட்டால் அந்தந்த இடத்தின் பெட்டியைத் தனியாகப் போடவேண்டும். மற்றவர் வெட்டுவதைத் தடுக்க முடியாது. சாப்பிடுகிற காட்சியின் மேலேயே "இலவசமாகத் தந்த சாப்பாடு" என்று எழுத்தைப் பதித்துவிட்டால் வெட்டினாலும் கூடப் போகும்.

சாவகச்சேரி ரைடர்

சரி அக்கா. நான் காசு கட்டிச் சாப்பிட்டேன், வீடியோவும் போட்டுவிட்டேன். ஒரு கிழமை கழித்து முதலாளி சந்தோசத்தில் வீட்டுக்கு ஒரு பார்சல் அனுப்பினால்?

மானிப்பாய் அக்கா

முன்பே பேச்சு இல்லையென்றால் அந்த வீடியோவுக்குத் தேவையில்லை என்றுதான் நினைக்கிறேன். அடுத்த முறை அதே கடைக்குக் கமராவோடு போனால்?

சாவகச்சேரி ரைடர்

அது தெரியாது. பார்சலில் கணவாயும் இருந்தது.