ஒரு ‘ச்’ எழுத்தை நீக்கப்போய் முழு வரியும் சிதைந்த கதை

கயல்விழி

எங்கள் வாசிப்புக் குழுவுக்காக நான் செய்த பொன்மொழி அட்டையில் இருந்த வரி இது: “தோற்றபின் எடுக்கும் முயற்ச்சிக்குத்தான் கொஞ்சம் கூடுதல் எடை.” இன்ஸ்டாகிராமில் போட்டு நாற்பது பேர் பார்த்த பிறகு ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பினார்: “முயற்சியில் ஒரு ச் அதிகம்.” வெட்கமாகப் போய்விட்டது.

மூலக் கோப்பு பழைய கைப்பேசியோடு போய்விட்டது. கையில் இருந்தது ஜேபெக் படம் மட்டும். உலாவியிலேயே திறக்கும் ஓர் இலவச எடிட்டரில் அதைப் போட்டு, வரியின் மேல் விரலை வைத்து வைத்துப் பார்த்தேன்; எதுவும் ஆகவில்லை. அது எழுத்தல்ல, எழுத்தின் படம் என்று புரியவே பத்து நிமிடம் ஆயிற்று. அந்தத் தளத்தில் இருந்த ஒரு மாதிரி அட்டையைத் திறந்து, அதன் ஆங்கிலத் தலைப்பை அழித்துவிட்டு என் வரியை அடித்தேன். இப்போது வேறு கோளாறு. ‘கொஞ்சம்’ என்பதில் க தனியாக நிற்கிறது; அதன் கொம்பும் காலும் ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு தள்ளி நிற்கின்றன. ‘தோற்றபின்’னும் அப்படியே. வேறு யாருக்காவது இது நேர்ந்திருக்கிறதா?

தென்றல்2

எனக்கும் நேர்ந்தது. எழுத்துருதான் காரணம். நான் நோட்டோ சான்ஸ் தமிழுக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது. அதையே செய்யுங்கள்.

கயல்விழி

மாற்றிப் பார்த்துவிட்டேன், தென்றல். முக்தா மலரும் பார்த்தேன். எழுத்தின் வடிவம் மாறுகிறது, புள்ளி வட்டம் மட்டும் அசையாமல் இருக்கிறது.

பழைய அச்சுக்காரன்

தென்றல் சொல்வது பாதி சரி. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் யூனிகோடுக்கு முந்தையவை. அவற்றில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும். கைப்பேசி விசைப்பலகை அடிப்பதோ யூனிகோடு. அந்த இடத்தில் எழுத்துருவை மாற்றினால் தீரும். உங்கள் நோய் வேறு.

மாதிரி அட்டையின் ஆங்கிலத் தலைப்பு பெரிய எழுத்துகளில், எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு அமைந்திருந்ததா? அந்த இடைவெளி உங்கள் வரிக்கும் வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். இடைவெளி பூஜ்யமாக இல்லாதபோது, இத்தகைய எடிட்டர்கள் சில வரியை மொத்தமாக வரையாமல் எழுத்து எழுத்தாகப் பிரித்து வரைகின்றன. ஆங்கிலத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது. நமக்கோ ‘கொ’ என்பது உள்ளே க, அதன் பின்னால் ஒகரக் குறி என்று இரண்டு துண்டு. இரண்டும் சேர்ந்து வந்தால்தான் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போய் அமரும். தனியே வரையப்பட்ட குறிக்குப் பிடித்துக்கொள்ள எழுத்து இல்லை. அதனால்தான் அந்தப் புள்ளி வட்டம். எழுத்து அமைப்பில் இடைவெளி என்ன எண் காட்டுகிறது என்று பாருங்கள். வரியை வளைத்துப் போடும் வசதியும் இதே சேட்டையைச் செய்யும்.

கயல்விழி

80 என்று இருந்தது, ஐயா! 0 ஆக்கியவுடன் கொம்பு ஓடிவந்து முன்னால் நின்றுகொண்டது. இதற்கா ஒரு மாலை முழுவதும் போயிற்று!

ராகவன்_கே

தலைப்பைப் பார்த்து வந்தேன். நீங்கள் ஏன் படத்தோடு மல்லுக்கு நிற்கிறீர்கள் என்று புரியவில்லை. இன்ஸ்டாகிராமில் பதிவின் மூன்று புள்ளியைத் தொட்டால் திருத்தும் வசதி வருமே. நான் எத்தனையோ முறை மாற்றியிருக்கிறேன்.

கயல்விழி

அது படத்துக்குக் கீழே எழுதும் வரி, ராகவன். என் பிழை படத்துக்குள்ளேயே இருக்கிறது. போட்ட படத்தை மாற்ற அங்கே வழியில்லை. நீக்கிவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும்.

அச்சுக்கார ஐயா, இன்னொன்று. மாதிரி அட்டை வேண்டாம், பழைய அட்டையே வேண்டும் என்கிறார்கள் குழுவில். அந்த ஒரு ‘ச்’சை மட்டும் மறைத்துவிடலாமா?

பழைய அச்சுக்காரன்

மறைத்தால் ‘முயற்’ ஓரிடம், ‘சிக்குத்தான்’ ஓரிடமாக, பல் விழுந்த வாய் போலிருக்கும். வரி முழுவதையும் மூடிவிட்டுப் புதிதாக எழுதுவதே சுத்தம். பின்னணி ஒரே நிறமா?

கயல்விழி

இல்லை. மேலே சந்தன நிறம், கீழே போகப் போக ஆரஞ்சு.

பழைய அச்சுக்காரன்

அப்படியானால் ஒரு நிறத்தைத் தொட்டெடுத்துச் செவ்வகம் போட்டால் பிளாஸ்திரி ஒட்டியதுபோல் தெரியும். நிறம் மேலிருந்து கீழாகத்தானே மாறுகிறது? ஒரே உயரத்தில் இடமும் வலமும் ஒரே நிறம்தான். ஆகவே வரியின் இடப்பக்கத்தில் எழுத்தே இல்லாத ஓரத்தை, வரி எவ்வளவு உயரமோ அதைவிடச் சற்றுக் கூடுதலான உயரத்துக்கு, ஒரு பட்டையாகத் தேர்ந்தெடுத்து நகலெடுங்கள். புதிய அடுக்காக ஒட்டி, மேலே கீழே நகர்த்தாமல் பக்கவாட்டில் மட்டும் இழுத்து வரியை மூடுங்கள். விரலால் இழுக்கும்போது உயரமும் சேர்ந்து நீளாதபடி விகிதப் பூட்டை எடுத்துவிடுங்கள். பட்டையை எழுத்துக்கு மிக அருகில் எடுக்காதீர்கள். ஜேபெக் படத்தில் எழுத்தின் விளிம்பைச் சுற்றி மெல்லிய அழுக்கு இருக்கும், இழுத்தால் அது கோடாகிவிடும்.

பின்னணி புகைப்படமாக இருந்தால் இந்த வித்தை பலிக்காது.

மழைக்குருவி

நான் இவ்வளவு பாடுபடுவதில்லை. குறிப்புச் செயலியில் பெரிதாக எழுதி, திரைப்பிடிப்பு எடுத்து, அதைப் படமாக மேலே வைத்துவிடுவேன். கொம்பு பிரிகிற தொல்லையே இல்லை. வெள்ளை அட்டைக்கு மட்டும்தான் சரிவரும், ஒப்புக்கொள்கிறேன். பெரிதாக்கினால் மங்கவும் செய்யும்.

என் தொல்லை வேறு. எடிட்டரில் நேராக அடித்தால் எழுத்து இரண்டிரண்டாக விழுகிறது, “எடைடை” என்று. வேறெங்கோ அடித்து ஒட்டினால் வருவதில்லை.

தென்றல்2

அது விசைப்பலகையின் சொல் பரிந்துரையால் வருவது. அதை அணைத்துவிடுங்கள்.

மழைக்குருவி

அணைத்தும் பார்த்தேன், குறைந்தது, போகவில்லை. வேறொரு எடிட்டரில் அதே விசைப்பலகை ஒழுங்காக இருக்கிறது. யாரைக் குற்றம் சொல்வது?

கயல்விழி

நானும் ஒட்டித்தான் வைத்தேன், குருவி. வரியை எடுக்க அரட்டைச் செயலிக்குப் போய்த் திரும்பியபோது உலாவி பக்கத்தைப் புதிதாக ஏற்றிவிட்டது. பட்டை, அடுக்கு எல்லாம் போச்சு. இரண்டாம் முறை வரியை முதலிலேயே நகலெடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பட்டை வித்தை பலித்தது, ஐயா. தம்பியிடம் காட்டினேன், ஒட்டு எங்கே என்று அவனால் சொல்ல முடியவில்லை. பிஎன்ஜி-யாக இறக்கினேன், 1080-க்கு 1080. முதலில் இறக்கும் பொத்தான் வேலையே செய்யவில்லை. இணைப்பை அரட்டைச் செயலிக்குள்ளேயே திறந்திருந்தேன். முகவரியை நகலெடுத்து உலாவியில் திறந்து எல்லாவற்றையும் மறுபடி செய்தேன், ஆக மூன்றாம் முறை.

ராகவன்_கே

அப்படியே படத்துக்குக் கீழே எழுதியதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் அக்கா.

கயல்விழி

பார்த்தேன். பழைய பதிவிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறேன். அங்கேயும் ‘முயற்ச்சி’.

நீங்கள் சொன்ன மூன்று புள்ளியைத் தொடப் போகிறேன், ராகவன்.