உப்புக் கிணற்றுத் தண்ணீரில் சோப்புக் கரைசல்: வெண்டையில் வெள்ளை ஈ ஏன் சாகவில்லை?

உச்சிப்புளித் தோட்டம்
பத்து சென்ட் வெண்டை, பக்கத்துப் பந்தலில் பாகலும் புடலையும் நிற்கின்றன. வெண்டை இலைக்கு அடியில் வெள்ளை ஈயும் அசுவினியும் அப்பிக் கிடக்கின்றன. பாகல் இலையில் சாம்பல் நோய். மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டியிருக்கிறேன், காதி சோப்பு கரைத்து இரண்டு தடவை அடித்தும் விட்டேன். குறையவே இல்லை. சோப்பைக் கூட்டட்டுமா?

பனங்காடு, சாயல்குடி
கூட்டினால் இலைதான் கருகும். சோப்பெல்லாம் மாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவர்களுக்குத்தான். பத்து சென்ட் என்றால் ஊடுருவும் மருந்து ஒன்றை வாங்கி அடித்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். வெள்ளை ஈயை விட்டுவைத்தால் மஞ்சள் தேமல் வரும். அது வந்த செடியை எந்த மருந்தாலும் தேற்ற முடியாது, பிடுங்கித்தான் போட வேண்டும்.

கொல்லைக்காரன், பெரியபட்டினம்
தேமல் விஷயத்தில் பனங்காடு சொல்வது சரி. ஆனால் வெண்டை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கிற காய். மருந்து டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாளுக்குள் எத்தனை பறிப்பு வரும், அந்தக் காயை என்ன செய்வது?

உச்சிப்புளித் தம்பி, ஒரு கேள்வி. சோப்பை எந்தத் தண்ணீரில் கரைத்தீர்கள்?

உச்சிப்புளித் தோட்டம்
தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர்தான் அண்ணே. கொஞ்சம் உவர்ப்பு. செடிக்கு அதுதான் பாய்கிறது, நன்றாகத்தான் வளர்கிறது.

கொல்லைக்காரன், பெரியபட்டினம்
செடி குடிக்கிற தண்ணீர் வேறு, சோப்பு கரைகிற தண்ணீர் வேறு. இரண்டு கண்ணாடி பாட்டில் எடுங்கள். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் மழைத்தண்ணீரோ குழாயில் வரும் குடிநீரோ ஊற்றுங்கள். இரண்டிலும் ஒரே அளவு சோப்பைக் கரைத்துக் குலுக்கிக் கொஞ்ச நேரம் விடுங்கள். நல்ல தண்ணீரில் நுரை நிற்கும், கீழே தெளிவாக இருக்கும். நம் கடற்கரைக் கிணற்றுத் தண்ணீரில் திரிந்த பால் மாதிரி திப்பி திப்பியாக மிதக்கும். தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொள்கின்றன. உப்பு மிஞ்சினால் மிச்ச சோப்பும் கரைய மாட்டேன் என்கிறது. அந்தத் திப்பி பூச்சியைக் கொல்லாது, நாசிலைத்தான் அடைக்கும். தெளிக்கும்போது நாசில் அடைத்ததா இல்லையா, சொல்லுங்கள்.

உச்சிப்புளித் தோட்டம்
அடைத்தது. ஊசியால் குத்திக் குத்தித்தான் அடித்தேன். சோப்பைச் சரியாகச் சீவவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாடிப்பந்தல், கீழக்கரை
என் மாடியில் புடலைப் பந்தலுக்கு மேலே மஞ்சள் அட்டை கட்டியிருக்கிறேன் காக்கா. ஒரு வாரத்தில் அட்டை முழுக்க மண்ணாகிவிட்டது, ஒன்றும் ஒட்டுவதில்லை. அட்டையே ஏமாற்று வேலையா?

கொல்லைக்காரன், பெரியபட்டினம்
ஏமாற்று இல்லைம்மா, காற்று. கடற்காற்றில் மணலும் தூசியும் வந்து பசையை மூடிவிடுகின்றன. பழைய தகரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்து விளக்கெண்ணெய் தடவி வையுங்கள், மண் படிந்தால் துடைத்துவிட்டு மறுபடி தடவலாம். உயரமும் முக்கியம். வெண்டைக்கு என்றால் செடியின் நுனிக்கு ஒரு சாண் மேலே இருக்க வேண்டும், செடி வளர வளர அட்டையையும் ஏற்ற வேண்டும்.

ஆனால் அட்டையை மருந்தாக நினைக்காதீர்கள். பறக்கிற வெள்ளை ஈயும் இறக்கை முளைத்த அசுவினியும்தான் அதில் விழும். இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சுகிற குஞ்சு எப்படி வந்து விழும்? அட்டையில் கூட்டம் கூடுகிறது என்றால் இலையைத் திருப்பிப் பார்க்க நேரமாகிவிட்டது, அவ்வளவுதான்.

பனங்காடு, சாயல்குடி
சரி, தண்ணீர்தான் குற்றவாளி என்றே வைத்துக்கொள்வோம். பாத்திரம் துலக்குகிற திரவத்தை ஊற்றினால் எந்த உப்புத் தண்ணீரிலும் நுரை வருகிறதே! இதற்குப் போய் மழைத்தண்ணீர் தேட வேண்டுமா?

கொல்லைக்காரன், பெரியபட்டினம்
நுரை வரும், அதை நான் மறுக்கவில்லை. அது சோப்பு இல்லை, டிடர்ஜென்ட். இலை மேலே இருக்கிற மெழுகையும் சேர்த்துக் கழுவிவிடும். வெண்டை ஓரளவு தாங்கும், பாகலும் புடலையும் மெல்லிய இலை, ஓரம் காய்ந்து போகும்.

பனங்காடு, சாயல்குடி
வேப்பெண்ணெய் கலக்க லிட்டருக்கு 1 மில்லி டீப்பால் சேர்க்கச் சொல்லி வேளாண் பல்கலைக்கழகமே எழுதியிருக்கிறதே அண்ணே. அதுவும் டிடர்ஜென்ட்தானே?

கொல்லைக்காரன், பெரியபட்டினம்
ஆமாம், எண்ணெயைத் தண்ணீரோடு சேர்க்க 1 மில்லி. பூச்சியையே அதை வைத்துக் கொல்ல வேண்டும் என்றால் அளவு எங்கேயோ போய்விடும். நான் சொல்வது அந்த அளவைத்தான்.

தம்பிக்குக் கணக்கு சொல்லிவிடுகிறேன். 10 லிட்டர் டேங்குக்கு 50 கிராம் காதி சோப்பு போதும். சீவி, ஒரு லிட்டர் சுடுதண்ணீரில் இரவே ஊறப்போட்டு, காலையில் துணியில் வடிகட்டி, மிச்சத் தண்ணீரை ஊற்றுங்கள். எல்லாமே நல்ல தண்ணீர். பத்து சென்ட் வெண்டைக்கு இரண்டு டேங்க் ஆகும். முதலில் நாலைந்து இலையில் அடித்து மறுநாள் பாருங்கள், கருகல் இல்லை என்றால் மிச்சத்துக்கு அடிக்கலாம். வெயில் இறங்கிய பிறகு, நாசிலை மேல்நோக்கித் திருப்பி, இலையின் அடிப்பக்கம் சொட்டச் சொட்ட நனைய வேண்டும். ஈரமாக இருக்கும் வரைதான் சோப்புக்கு வேலை, காய்ந்தால் பலன் முடிந்தது.

மறுநாள் இலையைத் திருப்பி நகத்தால் தொட்டுப் பாருங்கள். செத்த அசுவினி சுருங்கிப் பழுப்பாக உதிரும், உயிருள்ளது காலை அசைக்கும். முட்டைக்குச் சோப்பு ஒன்றும் செய்யாது, அதனால் ஐந்து நாள், ஒரு வாரத்தில் மறுபடி அடித்தே ஆக வேண்டும்.

மாடிப்பந்தல், கீழக்கரை
அப்போது பாகலில் இருக்கிற வெள்ளையும் இதிலேயே போய்விடுமா?

கொல்லைக்காரன், பெரியபட்டினம்
போகாது. அது பூஞ்சணம், பூச்சி இல்லை. கைபட்டால் அழிகிற மாதிரி தெரியும், இரண்டு நாளில் திரும்ப வரும். அடியிலுள்ள பழைய இலைகளைக் கிள்ளித் தூர எறிந்து, பந்தலில் காற்று நுழைய வழி விடுங்கள். பாலில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வாரம் ஒரு தடவை அடித்தால், ஆரம்பத்தில் இருக்கும்போது கேட்கும். முழு இலையும் மூடிய பிறகு கேட்காது.

பனங்காடு, சாயல்குடி
நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். என் வெண்டையில் ஒரே தெளிப்பில் சாம்பல் நின்றது. பாலை டீக்குக் கொடுங்கள்.

கொல்லைக்காரன், பெரியபட்டினம்
வெண்டைக்கு அடியுங்கள், நல்ல மருந்துதான். பாகல், புடலை, சுரைக்குக் கந்தகம் ஆகாது, இலை தீய்ந்துவிடும். நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம்.

பனங்காடு, சாயல்குடி
மார்கழிக் குளிரில் பூசணிக்கு அடித்திருக்கிறேன், ஒரு இலை தீயவில்லை.

கொல்லைக்காரன், பெரியபட்டினம்
மார்கழியில் தப்பியிருக்கலாம். தையில் வெயில் ஏறியதும் அதே அளவை அடித்துப் பார்க்க நான் துணிய மாட்டேன்.

உச்சிப்புளித் தோட்டம்
பாட்டில் சோதனை செய்துவிட்டேன். கிணற்றுத் தண்ணீரில் அப்படியே திப்பி, குழாய்த் தண்ணீரில் நல்ல நுரை. ஆனால் இரண்டு டேங்க் என்றால் 20 லிட்டர். குடிக்கிற தண்ணீரை வெண்டைக்கு அடித்தால் வீட்டில் சண்டைதான் வரும். காய்ச்சினால் உப்பு போகுமா?

கொல்லைக்காரன், பெரியபட்டினம்
காய்ச்சினால் சுண்ணாம்பில் ஒரு பகுதி அடியில் படியும், உப்பு போகாது. சலவைச் சோடாவும் போடாதீர்கள், இருக்கிற சோடியம் போதாதா? பக்கத்தில் ஊருணி இருக்கிறதா? மழைத்தண்ணீர்தானே, சோப்பு நன்றாகக் கரையும். கலங்கலாக இருந்தால் ஒரு இரவு தெளியவிட்டு மேலாக மொண்டுகொள்ளுங்கள்.

பனங்காடு, சாயல்குடி
இதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தெளிப்பான் டேங்கை ஊருணியில் முக்கிவிடாதீர்கள் தம்பி. பழைய மருந்து அதில் ஒட்டியிருக்கும், ஊரே குடிக்கிற தண்ணீர். தனிக் குடத்தில் மொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்து ஊற்றுங்கள். ஒரு மாதம் பார்ப்போம், தேமல் வந்தால் என் மருந்துக்குத்தான் வருவீர்கள்.