300 மில்லி பாட்டிலில் ஒரு லிட்டர் வாயுவா?

மேலூர் மங்கை:
கூல்டிரிங்க்ஸை நிறுத்திவிட்டு மூன்று வாரமாக வெறும் சோடா குடிக்கிறேன். சாயங்காலம் ஆனால் சுடிதார் நாடாவைத் தளர்த்தாமல் உட்கார முடியவில்லை. கூல்டிரிங்க்ஸிலும் காற்று இருந்ததுதானே, அப்போது வராத உப்புசம் இப்போது மட்டும் ஏன்?

கணக்கு வாத்தியார்:
வயிற்றை உப்ப வைப்பது சர்க்கரை. சோடாவில் இருப்பது தண்ணீரும் கொஞ்சம் காற்றும். காற்று ஒரு ஏப்பத்தில் வெளியே போய்விடும். மிச்சமெல்லாம் மனப்பிரமை தங்கச்சி.

பாட்டில் முத்து:
மனப்பிரமையாம்! மனுஷி நாடாவைத் தளர்த்துகிறேன் என்கிறார், இவர் மனசுக்கு வைத்தியம் சொல்கிறார். பதினேழு வருடம் பாட்டில் ஆலையில் நின்றவன் நான். 300 மில்லி பாட்டில் ஒன்றில் ஏறக்குறைய ஒரு லிட்டர் வாயு கரைந்து நிற்கிறது. அதுவும் சும்மா காற்று இல்லை, கரியமில வாயு. மூடியைத் துளைத்து, குலுக்கி, அழுத்தமும் சூடும் பார்த்து அட்டவணையோடு ஒத்துப் பார்ப்பது எங்கள் தினசரி வேலை. மூன்றரை வந்தால் சரி என்போம். ஒரு பங்கு தண்ணீருக்கு மூன்றரைப் பங்கு வாயு என்று பொருள்.

கணக்கு வாத்தியார்:
300 மில்லி பாட்டிலில் ஒரு லிட்டர்! உழக்கில் மரக்கால் நெல்லை அளந்த கதையாக இருக்கிறதே. அந்த ஆலையில் வேலைக்கு எடுக்கும்போது கணக்குப் பரீட்சை வைக்கவில்லை போலிருக்கிறது.

பாட்டில் முத்து:
ஐயா, அழுத்திக் கரைத்த வாயு வெளியே வந்தால் விரியும். ஒரு பலூனை மாட்டிக் குலுக்கிப் பாருங்கள்.

மங்கை அக்கா, நீங்கள் சொல்லுங்கள். முன்னால் எவ்வளவு குடித்தீர்கள், எப்படி?

மேலூர் மங்கை:
ஒன்றே கால் லிட்டர் பாட்டில் வாங்கி ஃபிரிட்ஜில் வைப்போம், மூன்று நாள் வரும். சாப்பிட்டதும் ஒரு டம்ளர், ஐஸ் போட்டு. இப்போது 300 மில்லி சோடா இரண்டு. சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று. டம்ளர் எல்லாம் இல்லை, பாட்டிலோடு மடக் மடக்கென்று.

பாட்டில் முத்து:
இதுதான் விஷயம். மூன்று நாள் திறந்து மூடிய பாட்டிலில் வாயு பாதிக்கு மேல் போயிருக்கும். ஐஸ் மேல் ஊற்றும்போது நுரைத்ததே, அதுவும் போன வாயுதான். டம்ளரில் மிஞ்சியது அரை லிட்டர்கூட இருந்திருக்காது. அதையும் இனிப்புக்காக உறிஞ்சி உறிஞ்சிக் குடித்திருப்பீர்கள். இப்போது இரண்டு பாட்டிலும் சேர்ந்து இரண்டு லிட்டர் வாயு. புதுசாக உடைத்து, நுரைக்க விடாமல் நேரே தொண்டைக்குள். சில்லென்ற தண்ணீர் வாயுவை நன்றாகப் பிடித்து வைக்கும், வயிற்றுச் சூடு பட்டதும் விட்டுவிடும். அந்த ஒரு லிட்டரும் அங்கே போய்த்தான் விரிகிறது.

கணக்கு வாத்தியார்:
அந்த ஒரு லிட்டரை முதலில் நிரூபியுங்கள். அப்புறம் வயிற்றுக்குள் போகலாம்.

தென்காசிக்காரன்:
எனக்கும் இதே கதைதான். நான் மாறியது சர்க்கரை இல்லாத கோலாவுக்கு. ராத்திரி பத்து மணிக்கு அடிவயிறு கடமுடா. செயற்கை இனிப்புதான் வில்லன், வாயு இல்லை.

பாட்டில் முத்து:
தம்பி, எத்தனை மணிக்குக் குடித்தீர்கள்? கூடவே சர்க்கரை இல்லாத மிட்டாய், சூயிங்கம் ஏதாவது?

தென்காசிக்காரன்:
மத்தியானம். மிட்டாய் உண்டு, சிகரெட்டை விட்டதிலிருந்து ஒரு நாளைக்கு அரை டப்பா.

பாட்டில் முத்து:
டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சார்பிட்டால், மால்டிட்டால் என்று இருக்கும். அவை பாதி செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும், அதனால்தான் பல மணி நேரம் கழித்துக் கீழே கடமுடா. கோலாவில் போடும் சுக்ரலோஸ் துளியிலும் துளி, புளிக்க அங்கே ஒன்றும் இல்லை. சோடா வாயு அடிவயிறு வரை பயணம் போவதில்லை, வழியிலேயே ரத்தத்தில் கலந்து மூச்சில் போய்விடும். குடித்துப் பத்து இருபது நிமிடத்தில், விலாவுக்குக் கீழே, ஏப்பத்தோடு வந்தால் அது சோடா. ராத்திரி வருவது வேறு கணக்கு.

தென்காசிக்காரன்:
மிட்டாயை விடச் சொல்கிறீர்களா? அப்புறம் சிகரெட்டுக்குத்தான் போக வேண்டும்.

காரைக்குடி ஆச்சி:
இதற்கெல்லாம் இவ்வளவு பேச்சா? வயிறு உப்பினால் ஆப்பசோடா ஒரு சிட்டிகை தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டியதுதான். பெரிய ஏப்பம் வரும், தீர்ந்தது. எங்கள் அப்பச்சி எண்பத்தாறு வரை இருந்தார்கள்.

பாட்டில் முத்து:
ஆச்சி, ஆப்பசோடா வயிற்றுப் புளிப்போடு சேர்ந்தால் வருவதும் அதே கரியமில வாயுதான். இருக்கிற வாயுவோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துத் தள்ளிவிடுகிறீர்கள், ஏப்பம் வருகிறது. மேலூர் அக்கா ஏற்கெனவே ஒரு லிட்டர்...

காரைக்குடி ஆச்சி:
பாட்டில் கழுவினவர் எனக்கு வைத்தியம் சொல்ல வேண்டாம்.

பாட்டில் முத்து:
கழுவவில்லை, வாயு அளந்தேன். மேலேயே எழுதியிருக்கிறேன்.

நகைப்பட்டறை செல்வம்:
சண்டை சுவாரசியமாக இருந்ததால் பட்டறைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டேன். 300 மில்லி சோடா, மூடியோடு ஒரு எடை. திறந்து, நுரை வெளியே வழியாமல் மெதுவாகக் கலக்கிக் கலக்கி, குமிழி நின்றதும் அதே மூடியோடு இன்னொரு எடை. 1.7 கிராம் குறைந்திருக்கிறது.

பாட்டில் முத்து:
வாழ்க செல்வம்! நம் ஊர் வெயிலில் ஒரு கிராம் கரியமில வாயு அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். 1.7 கிராமுக்குப் போட்டுப் பாருங்கள் வாத்தியாரே. பெருக்கல்தான், உங்கள் பாடம்.

கணக்கு வாத்தியார்:
மூடியைத் திறக்கும்போது தண்ணீர் தெறிக்காதா? 1.7 கிராம் என்பது முப்பது நாற்பது துளி. தராசுக்கு வாயுவும் தெரியாது, தண்ணீரும் தெரியாது.

நகைப்பட்டறை செல்வம்:
தங்கப்பொடி சிந்தாமல் வேலை பார்க்கிறவன் சார் நான். கீழே தட்டு வைத்திருந்தேன். ஒரு துளி இல்லை.

கணக்கு வாத்தியார்:
தட்டை எடை போட்டீர்களா?

மேலூர் மங்கை:
ஐயா, என் வயிற்றுக்கு ஒரு வழி சொல்லிவிட்டுத் தட்டை எடை போடுங்கள்.

பாட்டில் முத்து:
ஒரே பாட்டில், அகலமான சொம்பில் ஊற்றுங்கள். ஒரு சிட்டிகை உப்பைப் போட்டால் பொங்கும், லெமன் சோடாக் கடையில் பார்த்திருப்பீர்கள். பொங்கி அடங்கியதும் மெதுவாகக் குடியுங்கள், ஸ்ட்ரா வேண்டாம். இரண்டு மூன்று நாள் செய்து பார்த்தால் தெரிந்துவிடும். ரத்த அழுத்தம் இருந்தால் உப்பு வேண்டாம், கரண்டியால் கலக்கினால் போதும். சோடாவை அடியோடு நிறுத்தியும் உப்பினாலோ, வாந்தியோ எடைக் குறைவோ இருந்தாலோ டாக்டரிடம் போங்கள், இங்கே வராதீர்கள்.

மேலூர் மங்கை:
பொங்கி அடங்கிய சோடாவை எதற்குக் குடிக்க வேண்டும்? பேசாமல் மோர் குடிக்கலாமே.

காரைக்குடி ஆச்சி:
அதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன்.

தென்காசிக்காரன்:
ஆச்சி, நீங்கள் சொன்னது ஆப்பசோடா.

கணக்கு வாத்தியார்:
ஒரு லிட்டர் இன்னும் நிரூபணம் ஆகவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

பாட்டில் முத்து:
பலூன் ஐந்து ரூபாய். பணம் நான் அனுப்புகிறேன்.