பிறந்த குழந்தைக்கு எண்ணெய் தேய்த்ததில் உங்களுக்கு நேர்ந்தது என்ன?

பொங்கோல் அம்மா
பதினெட்டாம் நாள். காமாலை இறங்கிவிட்டதா என்று பார்க்கப் பலதுறை மருந்தகத்துக்குத் தூக்கிப் போனோம். தாதி மகளின் தாடையை ஒரு விரலால் உயர்த்தி, கழுத்து மடிப்பில் ஈரப் பஞ்சை ஓட்டி என்னிடம் காட்டினார். பஞ்சில் மஞ்சளாக அழுக்கு. மடிப்புக்குள் தோல் செக்கச்செவேலென்று, பொடிப்பொடியாகக் குருக்கள். "என்ன எண்ணெய்?" என்றார். ஆலிவ் எண்ணெய் என்றேன். கணுக்காலிலும் மணிக்கட்டிலும் தோல் உரிந்ததால் தினம் மூன்று வேளை தேய்த்தேன். விலை கூடியது, அதனால் நல்லது என்று நினைத்துவிட்டேன். முதல் சில வாரங்களில் தோல் உரிவது சகஜம், தானே நின்றுவிடும் என்றார். எண்ணெயை நிறுத்திய ஐந்தாம் நாள் சிவப்பு அடங்கியது. அந்தப் பஞ்சுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

தோ பாயோ பாட்டி
ஆலிவ் நம் ஊர் எண்ணெயா? என் பேரனுக்குத் தேக்காவில் வாங்கிய செக்குத் தேங்காயெண்ணெய்தான், ஒரு குரு வரவில்லை. வெயில் ஊருக்கு அதுதான் சரி. கடையில் விற்கும் பேபி ஆயில் பெட்ரோலில் இருந்து எடுப்பது, தோலை மூச்சுவிட விடாது. அதைத் தொடவே தொடாதீர்கள். தேய்த்து அரைமணி கழித்துப் பாசிப்பயறு மாவு போட்டுக் குளிப்பாட்டுங்கள். மூக்கில் ஒரு சொட்டு விட்டால் சளி பிடிக்காது. தலை உச்சியில் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். காலை நீட்டி, கையைக் குறுக்கே மடக்கி, முதுகை மேலிருந்து கீழே நீவிவிட வேண்டும். இதையெல்லாம் இப்போது யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

முன்னாள் தாதி, ஜூரோங்
பாட்டி, தேங்காயெண்ணெயில் உங்களோடு ஒத்துப்போகிறேன். மூக்கில் சொட்டு விடுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். எண்ணெய் மூச்சுக்குழலுக்குள் போனால் நுரையீரலில் தங்கி நிமோனியா ஆகிறது. அப்படி வந்த ஒரு பிள்ளையை வார்டில் என் கையால் பார்த்தேன். மூச்சுக்கு மூச்சு விலா எலும்பு உள்வாங்கும், அதை மறக்க முடியவில்லை.

பேபி ஆயில் பற்றிச் சொன்னது பாதிதான் உண்மை. பெட்ரோலியத்தில் இருந்து வருவதுதான், ஆனால் சுத்திகரித்தது. தோல் மூச்சுவிடுவதும் இல்லை. அதில் சேர்க்கும் வாசனைதான் பல குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாது.

ஆலிவ் விஷயத்துக்குக் காரணம் ஓலியிக் என்ற கொழுப்பமிலம். ஆலிவ் எண்ணெயில் பெரும்பங்கு அதுதான். தோலின் மேலடுக்கில் செல்களை ஒட்டவைக்கும் கொழுப்பு இருக்கிறதே, அதன் அடுக்கை அது கலைக்கிறது. சூரியகாந்தியில் லினோலெயிக் என்ற வேறொரு கொழுப்பமிலம் அதிகம் என்பதால் அதை நாங்களே பரிந்துரைத்த காலம் உண்டு. 2016இல் மான்செஸ்டர் ஆய்வு வெளிவந்தது. 115 பச்சிளங்குழந்தைகளை மூன்று பிரிவாக்கி நான்கு வாரம் பார்த்தார்கள். ஆலிவ், சூரியகாந்தி இரண்டிலும் தோலில் ஈரம் கூடியது, ஆனால் அந்தக் கொழுப்படுக்கு எண்ணெயே தடவாத குழந்தைகளுக்கு அமைந்த அளவுக்கு அமையவில்லை. அதன்பின் நான் சூரியகாந்தியையும் அழுத்திச் சொல்வதில்லை. அதிலும் 'ஹை ஓலியிக்' என்று போட்ட சமையல் புட்டி, ஆலிவ் போலத்தான். கடுகெண்ணெய் எரிச்சலே தரும், வேண்டாம்.

நான் சொல்வது இவ்வளவுதான்: வாசனை சேர்க்காத தேங்காயெண்ணெய், முழு உடம்புக்கும் அரைத் தேக்கரண்டி போதும். முதலில் தொடையில் ஒரு துளி தடவி ஒரு நாள் பாருங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் பூசாதீர்கள், அங்கே வழிந்து சேர்ந்ததைக் குளிப்பாட்டும்போது துடைத்துவிடுங்கள். தோல் சிவந்தோ கசிந்தோ இருந்தால் எந்த எண்ணெயும் வேண்டாம்.

செங்காங் அப்பா
என் கதை எண்ணெய் வகை பற்றியதல்ல. தேய்த்த கையோடு மகனைத் தொட்டிக்குத் தூக்கினேன், வழுக்கி முழங்கை வரை இறங்கிவிட்டான். நெஞ்சோடு அணைத்துப் பிடித்தேன். அன்றிலிருந்து துண்டில் சுற்றாமல் தூக்குவதில்லை.

யீஷூன் மீனா
என் பிள்ளைக்கு ஜி6பிடி குறைபாடு, சில பொருள்கள் பட்டால் ரத்தச் சிவப்பணு உடைந்து காமாலை வரலாம். பிறந்ததுமே தொப்புள்கொடி ரத்தத்தில் கண்டுபிடித்தார்கள், எதையெல்லாம் தவிர்க்க வேண்டும் என்று தாளும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பத்தாம் நாள், எனக்கு உருவிவிட வந்த அக்கா, பிள்ளை வயிறு உப்பியிருக்கிறது என்று காற்று எண்ணெயைத் தடவிவிட்டார். நான் குளியலறையில் இருந்தேன். கதவைத் திறந்ததும் கற்பூர வாசனை முகத்தில் அடித்தது. புட்டியில் மெந்தால், கற்பூரம் இரண்டும் போட்டிருந்தது. தாளில் இரண்டும் இருந்தன. உடனே துடைத்துக் குளிப்பாட்டினேன். மறுநாள் மறுபடி கண் மஞ்சளடித்தது, இரண்டு நாள் விளக்கடியில் வைத்தார்கள். எண்ணெயால்தானா என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லவில்லை.

தோ பாயோ பாட்டி
மீனா, படிக்கவே பதறுகிறது. மூக்கில் சொட்டு விடுவதை நிறுத்திவிடுகிறேன். நல்லெண்ணெய் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?

முன்னாள் தாதி, ஜூரோங்
அதில் ஓலியிக்கும் லினோலெயிக்கும் ஏறக்குறைய சரிபாதி. நான் கைக்குழந்தைக்குப் போடமாட்டேன், பாட்டி. என் அம்மா எனக்குப் போட்டார்.