பென்டியம் ஜி4400-ல் ஏவிஎக்ஸ் இல்லை, ஐ5-6500 போட்டால் சரியாகுமா?

நண்பர்களே, ஒரு சின்ன உதவி. 2016-ல் வாங்கிய பென்டியம் ஜி4400, எச்110 போர்டு. புதுசாக ஒரு கேம் போட்டேன், லோகோ வருவதற்குள் சத்தமில்லாமல் மூடிக்கொள்கிறது. டிரைவர், ரேம் எல்லாம் மாற்றிப் பார்த்து ஒரு வாரம் வீணாக்கிய பிறகுதான் ஈவென்ட் வியூவரில் 0xc000001d என்று இருப்பதைக் கவனித்தேன், அதாவது பிராசஸருக்குத் தெரியாத ஒரு கட்டளையை கேம் கொடுத்திருக்கிறது. அப்புறம் இதை ஓட்டினேன்:

```
coreinfo -f
```

AVX, AVX2 இரண்டுக்கும் நேராக நட்சத்திரத்துக்குப் பதில் வெறும் கோடு. CPU-Z-லும் SSE4.2 வரைக்கும்தான் காட்டுகிறது. அதே ஆறாம் தலைமுறை ஐ3, ஐ5-ல் இரண்டும் உண்டு, பென்டியத்தில் மட்டும் இன்டெல் வைக்கவில்லை. வருஷத்தைப் பார்த்து முடிவு பண்ணக் கூடாது என்று அப்போதுதான் புரிந்தது, ஏனென்றால் நண்பனுடைய பழைய ஐ7-3770-ல் AVX இருக்கிறது, AVX2 தான் இல்லை.

இன்னொரு கேம் திறக்கிறது, ஆனால் திக்கித் திக்கி ஓடுகிறது, டாஸ்க் மேனேஜரில் இரண்டு கோரும் 100%. இது ஏவிஎக்ஸ் பிரச்சினை இல்லை, கோர் போதவில்லை என்று நினைக்கிறேன். சரிதானா?

அதே சாக்கெட்டுக்கு பழைய ஐ5-6500 வாங்கலாம் என்று இருக்கிறேன், நான்கு கோர், AVX2-ம் உண்டு. பென்டியம் 54 வாட், இது 65 வாட். பென்டியத்தோடு வந்த கூலரே இதற்குத் தாங்குமா? இப்படி மாற்றியவர்கள் யாராவது இருந்தால் கேம் ஓடும்போது வெப்பம் எவ்வளவு வருகிறது என்று சொல்லுங்கள்.