40 நொடி ரீல்ஸ், யூபிஐ மோசடி: இந்தத் தமிங்கில வசனம் ஓடுமா?

மொட்டைமாடி: கல்லூரி என்எஸ்எஸ் பக்கத்துக்காக ஒரு ரீல்ஸ். பார்க்கப்போவது முதலாம், இரண்டாம் ஆண்டு பசங்க. வசனம் இதுதான், கிழித்துத் தொங்கப்போடலாம்:

"ஹே காய்ஸ், வெல்கம் பேக்! இன்னைக்கு நாம ஒரு வெரி இம்பார்ட்டன்ட் டாபிக் பத்தி டிஸ்கஸ் பண்ணப்போறோம். யூபிஐ ஃப்ராட்ஸ் ஆர் இன்கிரீஸிங் டே பை டே. யாராவது கலெக்ட் ரிக்வெஸ்ட் அனுப்பினா, இல்ல க்யூஆர் ஸ்கேன் பண்ணச் சொன்னா, டோன்ட் டூ இட். பின் போட்டா பணம் போயிடும். ஸோ பி கேர்ஃபுல், ஸ்டே சேஃப்!"

எடிட்டர்மேசை: முதலில் விஷயம், அப்புறம் மொழி. தனி ஆள் தனி ஆளுக்குப் பணம் கேட்டு அனுப்பும் கலெக்ட் ரிக்வெஸ்டை 2025 அக்டோபர் 1 முதல், யூபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுத்திவிட்டது. அந்த வரியைத் தூக்கிவிட்டு க்யூஆர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 40 நொடியில் ஒரு மோசடிக்குத்தான் இடம்.

"பின் போட்டா பணம் போயிடும்" என்பதும் முழுசாகச் சரியில்லை. பேலன்ஸ் பார்க்கவும் பின் கேட்கும். அன்றாடம் அதைச் செய்கிற பையன் இந்த வரியைக் கேட்டதும், "இவங்களுக்கே தெரியல" என்று தள்ளிவிட்டுப் போய்விடுவான். "காசு வர்றதுக்குப் பின் வேணாம்" என்று திருப்பிப் போட்டால் குறை சொல்ல ஆளில்லை.

மொழியில் பிரச்சினை ஆங்கிலம் அதிகம் என்பது இல்லை, அது எங்கே உட்காருகிறது என்பதுதான். பசங்க பேசும்போது பெயர்ச்சொல்லை ஆங்கிலத்தில் எடுத்துத் தமிழ் உருபைக் கோர்ப்பார்கள்: ஸ்க்ரீன்ல, லிங்க்கை, அக்கவுன்ட்டுக்கு. வினைக்குப் பின்னால் ‘பண்ணு’ வரும். வாக்கியத்தை முடிப்பது தமிழாக இருக்கும். "ஃப்ராட்ஸ் ஆர் இன்கிரீஸிங்" மாதிரி முழு ஆங்கில வாக்கியம் நடுவில் வந்தால் மேடைப் பேச்சு போலக் கேட்கும். எங்கே தடுக்கிறது என்று தெரிய ஒரு வழி: பேசப்போகிறவரிடம் தாளைக் கொடுத்து ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். பிறகு தாளை வாங்கிக்கொண்டு அதையே சொல்லச் சொல்லுங்கள். அவர் தானாக மாற்றிச் சொல்லும் இடமெல்லாம் நீங்கள் தப்பாக எழுதிய இடம்.

தமிழ்வளவன்: இவ்வளவு சுற்றுவானேன்? தமிழிலேயே எழுதுங்கள். ஸ்கேன் என்பதற்கு ‘வருடு’, பின் என்பதற்கு ‘கடவு எண்’. இளைஞர்களுக்குப் புரியாது என்பது நாமே கட்டிய கதை. "டிஸ்கஸ் பண்ணப்போறோம்" என்பதைவிடப் "பேசப்போறோம்" சின்னது, சுருக்கென்று போய்ச் சேரும்.

எடிட்டர்மேசை: கடைசி வரிக்கு என் ஓட்டு உங்களுக்குத்தான், வளவன் சார். டிஸ்கஸ், இம்பார்ட்டன்ட், கேர்ஃபுல் எல்லாம் தேவையே இல்லாத ஆங்கிலம். தமிழ்ச்சொல் வாயில் தயாராக இருக்கிறது. ஆனால் ‘கடவு எண்’ இங்கே ஆபத்து. திரையில் அவன் பார்ப்பது `Enter UPI PIN`. காதில் விழும் சொல்லும் கண்ணில் படும் சொல்லும் வேறானால், பட்டனை அமுக்கும் நேரத்தில் எச்சரிக்கை ஞாபகத்துக்கு வராது. திரையில் இருக்கும் சொல்லை அப்படியே வைக்கணும், மற்றதில் தமிழுக்கு முதலிடம் கொடுக்கலாம்.

இப்படி எழுதிப் பார்த்தேன். நேரம் நொடிக் கணக்கில்:

0–4, சாட்டில் வந்த க்யூஆர் படம் பெரிசாக: "சைக்கிளை விக்கிறது நீ. காசு தரவேண்டியது அவன். உன்னை ஏன் பின் போடச் சொல்றான்?"

4–13, வாங்குபவன் குரல்: "ப்ரோ, சைக்கிள் சூப்பர், கன்ஃபார்ம் பண்ணிக்கலாம். அட்வான்ஸ் டூ தவுசண்ட் அனுப்புறேன். க்யூஆர் ஷேர் பண்ணிருக்கேன், ஸ்கேன் பண்ணுங்க, கிரெடிட் ஆயிரும்."

13–23, விரல் பட்டன் மேல் நிற்கிறது: "நில்லு. ஸ்க்ரீனைப் பாரு. தொகை ஏற்கெனவே போட்டிருக்கு. கீழ பட்டன்ல என்ன இருக்கு? பே. அப்போ குடுக்கப்போறது யாரு?"

23–32: "காசு வர்றதுக்கு ஸ்கேன் வேணாம், பின் நம்பர் வேணாம். உன் யூபிஐ ஐடி இருந்தாப் போதும்."

32–40: "போயிருச்சா? வெக்கப்படாத. உடனே 1930க்குப் போன் அடி, பேங்க்குக்கும் சொல்லு."

வணக்கம், வெல்கம் பேக் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அது தின்னும் மூன்று நொடியில் ஆள் அடுத்த ரீல்ஸுக்குப் போயிருப்பான். ஆங்கிலம் மண்டிக் கிடப்பது மோசடிக்காரன் வாயில் மட்டும். எச்சரிக்கிறவர் கிட்டத்தட்டத் தமிழில் பேசுகிறார். இரண்டு குரலையும் ஒரே ஆள் பேசினாலும் யார் எவர் என்று புரிந்துவிடும்.

கடைசிபெஞ்ச்: இங்க்லீஷ் பேசுறவன் திருடன், தமிழ் பேசுறவன் நல்லவனா? தெளிவான தமிழ்ல, "தம்பி, சாப்டியா"ன்னு ஆரம்பிச்சு ஏமாத்துறவனும் இருக்கான். இதைப் பாத்துப் பழகினவன் அவன்கிட்ட மாட்டுவான்.

எடிட்டர்மேசை: நியாயமான கேள்வி. அந்த 9 நொடியை மட்டும் இரண்டு விதமாக எடுத்து, இரண்டு ரீல்ஸாகப் போடலாம். ஒரே வீடியோவில் இரண்டு மோசடிக்காரன் வந்தால் நேரம் போதாது.

பனங்கிழங்கு: நான் யாழ்ப்பாணத்தில இருந்து. இதே ஸ்கிரிப்ட்டை எங்கட பெடியளுக்கு எடுக்கலாமோ? "போன் அடி" எண்டா இங்க விளங்கும், ஆனா "பண்ணு பண்ணு" எண்டு வந்தா இந்தியா வீடியோ எண்டு தள்ளிப்போட்டுப் போயிடுவினம். நாங்கள் "ஸ்கேன் செய்யுங்கோ" எண்டுதான் கதைக்கிறது.

எடிட்டர்மேசை: ‘பண்ணு’வை மாற்றினால் மட்டும் போதாது, பனங்கிழங்கு. உங்கள் பக்கம் லங்கா க்யூஆர். செயலியும் திரையில் வரும் சொல்லும் வேறு, 1930 இந்தியாவின் சைபர் மோசடி உதவி எண். உங்கள் வங்கிச் செயலியில் அந்த ஸ்கேன் எந்தத் திரைக்குக் கொண்டுபோகிறது என்று பார்த்துவிட்டு, 13ஆம் நொடியிலிருந்து புதிதாக எழுதுங்கள்.

மொட்டைமாடி: கேப்ஷன் தமிழ் எழுத்தில் போடலாம் என்று இருக்கிறோம். சரிதானே?

கடைசிபெஞ்ச்: வேணாம். சிபிஎஸ்இ பசங்க பாதிப் பேர் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாங்க. வாட்ஸப்ல எப்படி டைப் பண்றாங்களோ அப்படியே இங்க்லீஷ் எழுத்துல போடுங்க.

தமிழ்வளவன்: படிக்க வராது என்று எழுத்தையே கைவிட்டால் எப்போது வரும்?

எடிட்டர்மேசை: ஆங்கில எழுத்தில் தமிழுக்கு ஒரே எழுத்துக்கூட்டல் கிடையாது. `venam`, `vendam`, `venaam` மூன்றும் வரும். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவன் ஒரு கணம் தயங்குவான், அதற்குள் வரி மாறிவிடும். என் கை தமிழ் எழுத்துப் பக்கம்தான், ஒரு விலக்கோடு: ‘பின்’ என்று தமிழில் போட்டால் ‘பிறகு’ என்றும் படிக்கலாம். அதை மட்டும் `PIN` என்று திரையில் இருப்பதுபோலவே போடுங்கள். `Pay` பட்டனும் அப்படியே.

எழுத்துருவையும் சோதியுங்கள். ஒவ்வொரு எழுத்தாகத் துள்ளி வரும் அனிமேஷன் தமிழுக்கு ஆகாது. ‘கொ’ வரவேண்டிய இடத்தில் கொம்பும் காலும் தனித்தனியாக வந்து விழும், சிலதில் புள்ளி வட்டம் தெரியும். சொல் சொல்லாக வரும் அனிமேஷனை எடுங்கள். வரிக்கு மூன்று, நான்கு சொல் போதும். திரையின் அடி ஓரத்தில் வைக்காதீர்கள், அங்கே கணக்குப் பெயரும் விவரமும் வந்து மறைக்கும்.

கடைசிபெஞ்ச்: அனிமேஷன் சரி. எழுத்து விஷயத்துல நான் மாறல. ரெண்டையும் போட்டு எதை முழுசா பாக்குறாங்கன்னு பாருங்க.

மொட்டைமாடி: வசனத்தை எடுத்துக்கொள்கிறோம். ஒன்று மட்டும்: திட்ட அலுவலர் "நீ" என்று பேசக்கூடாது, "நீங்க"தான் என்கிறார்.

எடிட்டர்மேசை: "நில்லு" போய் "நில்லுங்க" வந்தால் அந்த இடத்தின் வேகம் பாதி போய்விடும். கூடப் படிக்கிற பையனையோ பெண்ணையோ பேசவிட்டு, சைக்கிள் விற்கும் நண்பனைப் பார்த்துச் சொல்வதுபோல எடுங்கள். அப்போது "நீ" அந்த நண்பனுக்குப் போகும், பார்ப்பவர்களுக்கு இல்லை. அலுவலர் இதையும் ஒத்துக்கொள்ளாவிட்டால் மற்ற இடங்களில் "நீங்க" போட்டுவிட்டு, 13ஆம் நொடியின் "நில்லு"வை மட்டும் "ஒரு நிமிஷம்" என்று மாற்றிக்கொள்ளுங்கள், அதில் நீயும் இல்லை நீங்களும் இல்லை.